அந்த நாலு பீடிதான் காரணம்

“ரெண்டு கட்டு பீடியை நாளுக்கு நாலாகக் குறைத்துவிட்டேன், கால்விரல் புண் ஏன் இன்னும் ஆறவில்லை?”

அந்த நாலுதான் காரணம் அண்ணா. என் தம்பிக்கு 34 வயது, செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. முதலில் நடந்தால் உள்ளங்கால் இழுத்துப் பிடித்தது. அப்புறம் ஏற்காட்டுக் குளிரில் விரல்கள் வெளுத்து நீலம் பாய்ந்தன. ராத்திரி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டபடியே தூங்குவான். தொங்கினால்தான் விரலுக்குக் கொஞ்சம் ரத்தம் இறங்கும். பெருவிரல் நுனியில் மிளகளவு கறுத்த புண். சர்க்கரையோ என்று பார்த்தோம், இல்லை. பர்ஜர் நோய் என்றார் டாக்டர்.

இதில் புகையிலையால் சிறு ரத்தக்குழாய்கள் அழற்சி கண்டு, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடைப்பு விரல் பக்கத்துப் பொடிக் குழாய்களில் இருப்பதால் பைபாஸ் பெரும்பாலும் செய்ய முடியாது. ஒன்றிரண்டு பீடியே அழற்சியை அணையவிடாது. மெல்லும் புகையிலையும் அப்படித்தான். நிக்கோடின் சூயிங்கம்கூட வேண்டாம் என்றார்கள். அதனால் விடுவதுதான் இங்கே முதல் மருந்து.

தம்பி அடியோடு விட்டான். சில வாரத்தில் இரவு வலி தணிந்தது, நாலு மாதத்தில் புண் மூடியது. விரல் தப்பியது. உங்கள் புண் கறுப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ அன்றைக்கே ரத்தக்குழாய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.