பாஸ்கல் இல்லாத பாடம்

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போட்ட போட்டோவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பி.எட். பயிற்சிக்காகப் பள்ளிக்கு வந்திருக்கும் நான் எழுதிய முதல் பாடக்குறிப்பின் நடுவே மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையில் ஒரு கோடு, வகுப்பைப் பார்வையிட வந்தவர் போட்டது. ஓரத்தில், "பாஸ்கல் எங்கே? குறிக்கோள்கள் முறைப்படி இல்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத் திரும்ப எழுதவும்." கீழே வந்த கமெண்டுகளில் பாதிப்பேர், "முதலில் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்" என்றார்கள். சரி, கற்றுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதியிருந்தேன், ஏன் எழுதினேன் என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போட்டோவில் கோடுதான் தெரிந்தது.

எட்டாம் வகுப்பு பி பிரிவு, 38 பிள்ளைகள். அறிவியலில் "விசையும் அழுத்தமும்" பாடத்தில் அழுத்தம் என்ற பகுதியைக் கைடு டீச்சர் என்னிடம் கொடுத்தார். அழுத்தத்தின் அலகுதான் பாஸ்கல். நான் முதலில் எழுதியது இதைவிட நீளம். அழுத்தம், நீர்மங்களின் அழுத்தம், வளிமண்டல அழுத்தம் என்று மூன்றையும் ஒரே பீரியடில் அடைத்திருந்தேன். டீச்சர் படித்துவிட்டு, "பீரியட் எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டார். "நாற்பது நிமிஷம் டீச்சர்." "முந்தின பீரியட் சார் வெளியே வரணும், பிள்ளைங்க புஸ்தகம் எடுக்கணும், நீ பேர் கூப்பிடணும். முப்பத்திரண்டுதான் உனக்கு" என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: "எழுதுறதுக்கு முன்னாடி நாலு பிள்ளைங்ககிட்ட பேசிட்டு வா."

பேசினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லைப் படுக்க வைத்தும் நிறுத்தி வைத்தும் காட்டி, எப்போது எடை அதிகம் என்று ஐந்து பேரைக் கேட்டேன். மூன்று பேர், "நிறுத்தி வெச்சாதான் மிஸ்" என்றார்கள். ஒரு பையன் காரணமும் சொன்னான்: "எல்லா வெயிட்டும் ஒரே இடத்துல எறங்குது இல்ல மிஸ்."

அவன் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. இடம் சிறியதாவதால் ஏதோ ஒன்று கூடுகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கூடுவது எடை என்று நினைக்கிறான். அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் அழுத்தம் என்று பெயர். அவனிடம் போய், "அழுத்தம் என்பது ஓரலகு பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை, அதன் அலகு பாஸ்கல்" என்று ஆரம்பித்தால் அவன் வரையறையை மனப்பாடம் செய்வான், பரீட்சையில் எழுதுவான். செங்கல்லை நிறுத்தினால் எடை கூடும் என்ற நினைப்பு அவன் மனதில் அப்படியே இருக்கும். மாணவன் ஏற்கெனவே எதை அறிந்திருக்கிறான் என்று கண்டுபிடித்து அங்கிருந்து கற்றுக்கொடு என்று 1968-லேயே டேவிட் ஆசுபெல் எழுதியதை இதே பி.எட். வகுப்பில்தான் எனக்குப் பாடமாக நடத்தினார்கள். நடத்தியதைச் செய்தேன். பாடக்குறிப்பு அந்தப் பையனுக்காக எழுதுவது. ரெக்கார்டு நோட்டுக்காக எழுதுவது இல்லை.

அதனால் மொத்தப் பாடத்தையும் ஒரே கருத்தாகக் குறைத்தேன்: எடை மாறாது, பரப்பு மாறினால் அழுத்தம் மாறும். பழைய பேப்பர் கடை அண்ணனிடம் தொங்கு தராசை இரவல் வாங்கினேன். செங்கல்லைக் கயிற்றில் கட்டிப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் தொங்கவிட்டால் முள் இரண்டு முறையும் மூன்று கிலோவில்தான் நிற்கும். அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்பதால் ஆரம்ப எட்டு நிமிடத்தை அதற்கே கொடுத்தேன்.

அடுத்தது மணல் தட்டு என்று எழுதியிருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே செய்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடத்து மணல் மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது. எப்படி வைத்தாலும் தடம் ஒரே மாதிரிதான் விழுந்தது. வகுப்பில் அப்படி ஆகியிருந்தால் நான் சொல்வதற்கு நேர் எதிரானதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருப்பார்கள். வீட்டில் பழைய குஷனிலிருந்து நாலு அங்குல ஸ்பாஞ்சை எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். படுக்க வைத்த கல் லேசாக அமுங்கியது, நிறுத்திய கல் நன்றாகப் புதைந்தது. ஆனால் நின்ற கல் சாய்ந்தது. சாயாமல் இருக்க ஒரு பிள்ளை மேலிருந்து பிடித்தால் அந்தக் கையின் விசையும் சேர்ந்துவிடும். ஆகவே "பக்கவாட்டில் இரண்டு விரலால் மட்டும் தாங்கவும்" என்று பாடக்குறிப்பில் எழுதினேன். அந்த வரிமேலேயும் சிவப்புக் கோடு போயிருக்கிறது.

இப்போது பாஸ்கலுக்கு வருகிறேன். பிள்ளைகள் வரைபடத்தாளில் கல்லை வைத்துச் சுற்றி வரைந்து பரப்பைத் தாங்களே கணக்கிட்டார்கள். படுத்த கல்லுக்கு 23க்கு 11, சுமார் 250 சதுர செ.மீ. நின்ற கல்லுக்கு 11க்கு 7, சுமார் 75. மூன்று கிலோ என்றால் எடை ஏறக்குறைய 30 நியூட்டன். 30-ஐ 250-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 0.12 நியூட்டன். 75-ஆல் வகுத்தால் 0.4. மூன்று மடங்குக்கு மேல். கல் ஒன்று, எடை ஒன்று, கட்டத்துக்கு விழும் பங்குதான் வேறு. இதை அவர்கள் தங்கள் கையால் வரைந்த கட்டங்களிலிருந்தே எடுத்தார்கள்.

இதையே பாஸ்கலில் சொல்ல வேண்டுமானால் சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர செ.மீ. என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் போடுவார்கள். உண்மையில் 10,000. அதைப் புரியவைக்கத் தனியாகப் பத்து நிமிடமாவது வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அழுத்தம் காணாமல் போய்த் தசமப்புள்ளிச் சண்டைதான் மிஞ்சும். அதனால்தான், "பாஸ்கல்: அடுத்த பீரியட். 1200, 4000 என்ற விடைகளை வருவிக்க வேண்டும்" என்று பக்கத்தின் அடியில் தெளிவாக எழுதியிருந்தேன். மறக்கவில்லை. தள்ளிவைத்தேன். மறந்ததற்கும் தள்ளிவைத்ததற்கும் வித்தியாசம் தெரிய அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படித்திருக்க வேண்டும்.

"ஃபார்மட் என்பது ஒழுங்கு, அதில் என்ன தப்பு?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். தப்பில்லை. நேரம் எழுதும் கட்டத்தை நான் இரண்டு இடத்தில் விட்டிருந்தேன், அது என் பிழைதான். ஆனால் அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று நாலு தலைப்பின் கீழும் கட்டாயம் ஒரு வரி இருக்க வேண்டும் என்பதற்காக, வகுப்பில் நடக்கப்போகாத ஒன்றை எழுதுவது எந்த ஒழுங்கில் சேரும்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்தேன். "மாணவன் அழுத்தத்தின் கருவிகளைத் திறம்படக் கையாள்கிறான்" என்று இருக்கிறது. எந்தக் கருவியை? அந்த வகுப்பில் கருவியே கிடையாது. அவருக்கும் முந்தின சீனியர் நோட்டில் இருந்ததை அவர் எழுதியிருக்கிறார். நானும் எழுதினால் எனக்கு அடுத்து வருபவளும் எழுதுவாள்.

"அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று சொன்னவர்களுக்கு ஒன்று. நான் கேட்காதவள் இல்லை. என் பாடத்தை மாற்றியதே 22 வருடம் வகுப்பில் நின்ற என் கைடு டீச்சரின் ஒரு வார்த்தைதான். அப்புறம் என் அப்பா. அவர் கொத்தனார். அந்தச் செங்கல் அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து வந்ததுதான். ராத்திரி நான் ஸ்பாஞ்சில் வைத்து எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏன் இரண்டரை அடி அகலத்துக்கு வானம் தோண்டுறோம்னு நெனச்ச? சுவரு கனம் கொறையாது பாப்பா. மண்ணு மேல பரவி எறங்கும், அவ்வளவுதான்" என்றார். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் சொன்னதை அப்படியே பாடக்குறிப்பில் எடுத்துக்காட்டாக எழுதினேன். அந்த வகுப்பில் கட்டட வேலைக்குப் போகும் அப்பா அம்மாக்களின் பிள்ளைகள் நிறைய. அஸ்திவாரம் என்று சொன்னதும் பின் பெஞ்சில் நாலு தலை நிமிர்ந்தது. அந்த எடுத்துக்காட்டுக்கு மேலே, "பாடநூலில் இல்லை" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்கள். கோட்டைவிட அந்த வட்டம்தான் எனக்கு வலித்தது. அப்பாவிடம் நோட்டைக் காட்டவில்லை.

பார்வையிட வந்தவர் வகுப்பில் இருந்தது பதினைந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தை அவர் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: ஒரு பெண் இரண்டு காலில் நிற்கிறாள், பிறகு ஒரு காலைத் தூக்குகிறாள், எது மாறும், எது மாறாது? தவறான விடை எப்படி வரும் என்று பாடக்குறிப்பிலேயே முன்கூட்டி எழுதியிருந்தேன்: "எடை இரண்டு மடங்காகும்." 27 பேர் சரியாக எழுதினார்கள். ஏழு பேர் நான் எதிர்பார்த்த அதே தவறை எழுதினார்கள். நாலு சீட்டு வெறுமையாக வந்தது. குழாய்க்குப் பக்கத்தில் காரணம் சொன்ன பையன், "எடை மாறாது, அழுத்தம் டபுள்" என்று எழுதி டபுளுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

"மார்க் அவர்கள் கையில் இருக்கிறது, எதற்கு வம்பு" என்று இன்பாக்ஸில் வந்து சொன்னவர்கள் என்மேல் அக்கறையில்தான் சொல்கிறீர்கள். தெரியும். பி.எட். 2015-இல் இரண்டு வருடப் படிப்பானபோது பள்ளியில் இருக்கும் காலத்தையும் நீட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் மட்டும் பதினாறு வாரம். அந்தப் பதினாறு வாரமும் வகுப்பில் நின்று கற்றுக்கொள்ளத்தானே? எங்களில் பலருக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார நாற்காலி கிடையாது. லீவு போட்ட ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள எங்களைத்தான் அனுப்புகிறார்கள். ராத்திரி சார்ட் ஒட்டுகிறோம். பஸ் காசு கையிலிருந்து. இதையெல்லாம் ஒருநாளும் புகாராக எழுதியதில்லை. நான்கு நாள் யோசித்து எழுதிய ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தப்பு என்று சொல்லியிருந்தால் இதையும் எழுதியிருக்க மாட்டேன்.

ரெக்கார்டுக்குத் தனியாக முறைப்படி ஒரு பிரதி எழுதிக் கொடுத்துவிடுவேன். நாலு தலைப்பும் இருக்கும், பாஸ்கலும் இருக்கும். வகுப்புக்கு எடுத்துப்போவது சிவப்புக் கோடு போட்ட இந்தப் பக்கத்தைத்தான். திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். முதல் பத்து நிமிடம் எடை கூடும் என்று எழுதிய அந்த ஏழு பேருக்கு. தராசை இந்தமுறை அவர்கள் கையில் கொடுக்கப்போகிறேன். வெறுமையாக வந்த நாலு சீட்டுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, நாளைக்கு டீச்சரிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு சுண்ணாம்புக்கட்டியால் தரையில் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, அதற்குள் எத்தனை வரைபடத்தாள் அடங்கும் என்று பிள்ளைகளையே அடுக்கிப் பார்க்கச் சொல்வேன். பாஸ்கல் அங்கிருந்து வரும்.