நம்ம ஊர் நிலத்தடி நீர் ‘பாதுகாப்பானது’ என்றால் யாருக்குப் பாதுகாப்பு?

நிலத்தடி நீர் மதிப்பீட்டு வரைபடம் ஒவ்வொரு முறை வெளியாகும்போதும் நம்ம மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சந்தோஷம். தமிழ்நாடு சிவப்பாகக் கிடக்கிறது, கன்னியாகுமரி மட்டும் பெரும்பாலும் பச்சை, பார்த்தீங்களா நம்ம ஊரை என்று. கீழேயே ஒரு அண்ணன் வந்து ‘எங்க வீட்டுக் கிணற்றில் மாசி மாதமே தொட்டி நிரம்ப மாட்டேங்குது, இதுல என்ன பச்சை’ என்று கேட்பார். அவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தப் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அது ஒரு சதவீதம், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் நிலத்துக்குள் இறங்கி, நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட தண்ணீர் எவ்வளவு, அதில் விவசாயம், வீடு, தொழிற்சாலை எல்லாமாகச் சேர்ந்து எடுத்தது எவ்வளவு. எடுத்தது 70 சதவீதம் வரை இருந்தால் பாதுகாப்பானது. 70-க்கு மேல் 90 வரை மித அபாயம். 90-க்கு மேல் 100 வரை அபாயம். 100-ஐத் தாண்டிவிட்டால் அதிநுகர்வு, அதாவது வருஷ வரவை விடச் செலவு அதிகம். நாடு முழுக்க இதே அளவுகோல்தான். மற்ற பல மாநிலங்களில் ஒன்றியத்தை ஓர் அலகாக வைத்துப் பார்த்த காலத்திலேயே தமிழ்நாட்டில் அதைவிடச் சின்ன பிர்கா அளவில் கணக்கு எடுத்தார்கள். 2017 மதிப்பீட்டில் 1166 பிர்காக்களில் 462 அதிநுகர்வு, 427 பாதுகாப்பானது. மாநிலத்தின் நிலை அது.

1997-இல் வந்த பழைய முறையில் தரம் பிரிக்கும்போது கிணற்று நீர்மட்டம் பல வருஷமாக இறங்கிக்கொண்டே போகிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இப்போது நடப்பில் இருக்கும் 2015 முறையில் சதவீதம் ஒன்றுதான் தீர்ப்பு. நீர்மட்டப் போக்கு என்பது கணக்கு ஒத்துவருகிறதா என்று சரிபார்க்க மட்டும். ஆக, உங்கள் வீட்டுக் கிணறு வருஷா வருஷம் ஒரு முழம் கீழே போனாலும், கணக்கில் செலவு வரவில் 65 சதவீதத்தில் நின்றால் ‘இது ஏன் ஒத்துவரவில்லை’ என்று ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் பச்சைதான்.

சரி, இந்த வரவு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம்ம மாவட்டத்துக் கதையே இருக்கிறது. மழை மட்டும் வரவு கிடையாது. சானலில் ஓடும் தண்ணீர் கசிந்து இறங்குவது, குளத்தில் நிற்பது இறங்குவது, வயலில் பாய்ச்சிய தண்ணீரில் பயிர் குடித்தது போக மீதி மண்ணுக்குள் போவது, இதெல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். அறிக்கையின் அட்டவணையைப் பார்த்தால் பருவமழைக் காலத்து மழை வரவு, அதே காலத்து மற்ற வரவு, பருவமழை இல்லாத காலத்து மழை வரவு, மற்ற வரவு என்று நான்கு பத்திகள் இருக்கும். அந்த ‘மற்ற வரவு’ என்கிற இரண்டு பத்திகளில்தான் நம்ம பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் தோவாளைச் சானலும் அனந்தனாறும் நாஞ்சில்நாட்டுப் புத்தனாறும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்று பெருமைப்படுகிறோம், அது நியாயம்தான், ஆனால் நாஞ்சில்நாட்டுப் பக்கம் பச்சை நிறத்தில் ஒரு பங்கு சானல் கசிவும் வயல் கசிவும் போட்டது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். இது நான் கற்பனையாக எடுத்துக்கொண்ட ஒரு பிர்கா, எந்த ஊர் என்றும் தேட வேண்டாம், ஆனால் விகிதங்கள் அந்த முறையில் உள்ளவைதான். கணக்கு ஹெக்டேர் மீட்டரில் வரும்; ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஹெக்டேர் மீட்டர், லிட்டரில் சொன்னால் ஒரு கோடி. நம்ம பிர்காவில் மழை வரவு 900. குளங்களிலிருந்து 150. சானல் கசிவு 250. அங்கே 500 ஹெக்டேர் வயல், கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு போகம். ஒரு போகத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்குத் தண்ணீர் பாய்கிறது என்றால் மொத்தம் 1000. நிலத்தடி நீர் பத்து மீட்டருக்குள் இருக்கிற இடத்தில், சானல் தண்ணீரில் நெல் பயிரிட்டால் பாய்ச்சியதில் பாதி திரும்ப இறங்கும் என்பது அந்த முறையில் உள்ள விகிதம். ஆக வயலில் இருந்து 500. எல்லாம் கூட்டினால் 1800. இதில் ஓடைக்கும் கடலுக்கும் தானாக வடிந்து போவதற்காகப் பத்து சதவீதத்தைக் கழிப்பார்கள் (மழை வரவைக் கிணற்று நீர்மட்ட ஏற்றத்தை வைத்துக் கண்டுபிடித்திருந்தால் ஐந்து சதவீதம் கழித்தால் போதும்). பத்து என்றே வைப்போம், மிச்சம் 1620. செலவுப் பக்கம் விவசாயக் கிணறுகள் 500, வீடுகள் 450, மொத்தம் 950. 950-ஐ 1620-ஆல் வகுத்தால் சுமார் 59 சதவீதம். பச்சை, நல்ல பச்சை.

இப்போது நாம் எல்லாரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதை அந்தப் பிர்காவில் நடத்திப் பார்ப்போம். 500 ஹெக்டேரில் 200 ஹெக்டேர் பிளாட்டாகிவிட்டது. மீதி 300-இல் வயல் கசிவு 300 மட்டுமே. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிச் சானலுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. அப்படிப் பூசிய சானலில் கசிவு பூசாத சானலில் ஐந்தில் ஒரு பங்கு என்றுதான் முறையில் எடுப்பார்கள், அதனால் 250 இப்போது 50. மழை அதேதான், குளமும் அதேதான். கூட்டினால் 1400, பத்து சதவீதம் போனால் 1260. செலவு ஒரு சொட்டுக்கூட கூடவில்லை, அதே 950. சதவீதம் 75. மித அபாயம்! யாரும் ஒரு புது போர்வெல் போடவில்லை, மழையும் குறையவில்லை, ஆனால் தரம் ஒரு படி இறங்கிவிட்டது. அப்புறம் அந்தப் பிளாட்டில் வீடு வரும், வீட்டுக்கு ஒரு போர் போடுவார்கள், வீட்டுச் செலவு 200 கூடியது என்று வைத்தால் 1150, அதை 1260-ஆல் வகுத்தால் 91. அபாயம். மூன்று படியில் இரண்டை இறங்கிவிட்டோம், இதில் முதல் படிக்கு மோட்டாரே காரணம் இல்லை.

எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. வயலை நிரப்பும்போது ‘நெல்லுக்கு லாபம் இல்லை’ என்று சொல்வோம், சரி, விவசாயி பாடு எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் பணம் வாங்காமல் தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தது அந்த வயல்தான் என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை. சானல் கான்கிரீட்டுக்கு நான் எதிரி இல்லை, கடைமடை விவசாயிக்கு அது தேவை. ஆனால் போடும் முன்னால் ‘இந்தக் கரையில் உள்ள கிணறுகளின் கசிவு வரவு எவ்வளவு போகும்’ என்று ஒரு வரியாவது திட்ட அறிக்கையில் இருக்க வேண்டாமா?

இனி அந்த மாசி மாதக் கிணற்று அண்ணன் விஷயம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் செம்பாறை மேட்டில் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: மழை விட்ட மறுவாரம் கை எட்டும் உயரத்தில் தண்ணீர், மூன்று மாதத்தில் அடி தெரியும். செம்பாறை தண்ணீரை வேகமாக வாங்கும், வேகமாகவே சரிவு வழியாகக் கீழே உள்ள ஏலா வயலுக்கும் ஓடைக்கும் விட்டுவிடும். கணக்கோ வருஷத்துக்கு ஒன்று. ஆடியிலும் ஐப்பசியிலும் இறங்கியது முழுக்க வரவில் ஏறிவிடும், வடிந்து போவதற்கு அந்த ஐந்தோ பத்தோ சதவீதம்தான் கழிவு. மேட்டுக் கிணற்றில் உண்மையில் வடிந்து போவது அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே வருஷக் கணக்கில் பச்சை, பங்குனியில் லாரித் தண்ணீர். இரண்டும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் நடக்கும். இதை அந்தச் சதவீதம் பிடிக்கவே பிடிக்காது.

செலவுப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கிணறுகளில் மீட்டர் கிடையாது. விவசாயச் செலவு என்பது கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணறு வருஷத்துக்கு இவ்வளவு இறைக்கும் என்கிற சராசரியால் பெருக்கி வருவது. வீட்டுச் செலவு மக்கள்தொகையை வைத்து வருவது. எண்ணிக்கை பழையதாக இருந்தால் செலவும் பழையதாகவே இருக்கும். லாரிக்காரர் தோட்டத்துக் கிணற்றில் இரவு பகலாக மோட்டார் ஓட்டுவது அந்தச் சராசரிக்குள் எங்கே இருக்கிறது?

கடற்கரைக்காரர்களுக்குத் தனிக் கதை. மணக்குடியில் உப்பு ஏறினால் சதவீதம் மாறாது. அந்தக் கணக்கு தண்ணீரின் அளவைப் பற்றியது, தரத்தைப் பற்றியது இல்லை. ஓர் அலகு முழுக்கவே உப்பாகிவிட்டால்தான் ‘உவர்’ என்று தனி வகையில் போடுவார்கள், 2017-இல் மாநிலம் முழுக்க அப்படி 35 பிர்காக்கள். ஒரு பிர்காவின் தென் ஓரத்தில் நாலு தெரு உப்பு, மீதி நல்ல தண்ணீர் என்றால் மொத்தமும் பச்சைதான், கூடப்போனால் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அந்தத் தெருவில் குடம் வைத்துக் காத்திருக்கும் அக்காவிடம் போய் ‘உங்க பகுதி பாதுகாப்பானது’ என்று சொல்லிப் பாருங்கள்.

இதனால் இந்த மதிப்பீடே பொய் என்று நான் சொல்லவில்லை. நாமக்கல், சேலம் பக்கம் நூறைத் தாண்டிய பகுதிகளில் அந்தச் சிவப்பு சொல்வது கிட்டத்தட்ட அப்படியே உண்மை. ஆழ்துளைக் கிணறு நம்பி நிற்கும் ஊருக்குச் செய்த கணக்கு அங்கே நன்றாகப் பேசுகிறது. சானலும் குளமும் வயலும் நம்பி நிற்கும் நம்ம ஊரில் அதையே வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே அடுத்த முறை அந்த வரைபடம் வந்தால் நிறத்தைப் பகிர்வதற்கு முன் உங்கள் பகுதிக்கான வரிசையை எடுத்து ‘மற்ற வரவு’ பத்திகள் இரண்டையும் கூட்டி, மொத்த வரவில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். பாதிக்குக் கிட்டே வந்தால், உங்கள் பச்சை வயலையும் சானலையும் நம்பி நிற்கிறது. அப்புறம் கிராம நிர்வாக அலுவலகத்தில் போய், அடங்கலில் இந்த வருஷம் உங்கள் ஊரில் எத்தனை ஹெக்டேர் நெல் என்று கேளுங்கள், மதிப்பீட்டில் எடுத்திருக்கும் பரப்பும் அதுவும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். ஒன்றாக இல்லை என்றால் மனு எழுதலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.