காலை 6 மணிச் சண்டைக்கு மெமோ கொடுக்க வேண்டியது ரோஸ்டருக்கு

ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிற காலை 6 மணி ஹேண்ட் ஓவரில் இரண்டு பேர் வாய்ச் சண்டை போட்டுக்கொண்டால் பத்து மணிக்குள் விஷயம் மேலே போய்விடும். இரண்டு பேரையும் கூப்பிட்டு, "அனுசரிச்சுப் போங்க, இல்லேன்னா மெமோதான்" என்பார்கள். அடுத்த மாதம் குழு ஒற்றுமை வகுப்பு நடத்துவார்கள், அதையும் நைட் முடித்தவரின் ஆஃப் நாளில் வைப்பார்கள். அந்த இரண்டு பேரும் எத்தனை மணி நேரம் தூங்கிவிட்டு எதிரெதிரே வந்து நின்றார்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. வயிறு எரிகிறது.

ஒரு தீவிர சிகிச்சை வார்டை எடுத்துக்கொள்வோம். மார்னிங் 6 முதல் 2, ஈவினிங் 2 முதல் 10, நைட் 10 முதல் 6. ஒரு நர்ஸுக்கு இன்று ஈவினிங், நாளை மார்னிங். ரோஸ்டர் தாளில் அது பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு எழுத்து, அவ்வளவுதான். போட்டவர் கண்ணுக்கு எட்டு மணி நேர இடைவெளி தெரியும். அந்த எட்டு மணி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுக் கிளம்ப 10.30. வீடு சேர 11.15. குளித்து, சாப்பிட்டுப் படுக்க 12. மூன்று மானிட்டர்களின் சத்தத்தைக் காதில் சுமந்து வந்தவருக்குப் படுத்த உடனே தூக்கம் வராது, 12.15 என்று தாராளமாகவே வைப்போம். 6 மணி டூட்டிக்கு 4.30க்கு அலாரம். கிடைத்தது நாலேகால் மணி நேரம். குழந்தை நடுவில் எழுந்தால் அதுவும் இல்லை.

இவருக்கு ஹேண்ட் ஓவர் கொடுக்கப்போகிறவருக்கு இது இரண்டாவது நைட். முந்தின காலை 7 மணிக்கு வீட்டுக்குப் போய், 8.30க்குப் படுத்து, மதியம் 1 மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. பகலில் அப்படித்தான் வரும். உடம்பின் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் அது. எவ்வளவு களைப்பு இருந்தாலும் உடம்பின் கடிகாரம் 'எழுந்திரு' என்றே சொல்லும். வெளிச் சத்தமும் வெயிலும் வேறு. ஆக, மறுநாள் காலை 6 மணிக்கு அவர் 17 மணி நேரமாக விழித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997இல் இதை அளந்து காட்டினார்கள்: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் வண்டி ஓட்டினால் குற்றம். நாமோ அந்த நிலையில் ஒருவரை நிற்கவைத்து, எட்டு நோயாளிகளின் கணக்கை வாயால் ஒப்பிக்கச் சொல்கிறோம், பிறகு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது சண்டைக்கு வருவோம். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு நோயாளிக்கு நோர்அட்ரீனலின் ஓடுகிறது. 50 மில்லி சிரிஞ்ச், பம்ப்பில் மணிக்கு 5 மில்லி. நேற்று இரவு 8 மணிக்கு ஏற்றியது. கணக்குப் போடுங்கள், சரியாகக் காலை 6 மணிக்குத் தீரும். 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால், முடியப்போகிறது என்று பம்ப் கத்த ஆரம்பிக்கும். இந்த மருந்து உடம்பில் ஓரிரு நிமிடத்திலேயே பாதியாகிவிடும் வகை. ஓட்டம் நின்றால் அழுத்தம் சரியத் தொடங்க நேரம் பிடிக்காது. அடுத்த சிரிஞ்சை நிரப்பி, லேபிள் ஒட்டி, இன்னொருவரிடம் சரிபார்த்து வைக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். உள்ளே வந்த உடனே அலாரத்தைக் கேட்கிற மார்னிங் நர்ஸ் எகிறுகிறார்: "ஏன்க்கா, இதைக்கூட ரெடி பண்ணி வைக்கலையா? வந்ததும் வராததுமா என் தலையில கட்டுறீங்க!" நைட் நர்ஸ் பதிலுக்கு: "அஞ்சு மணியிலேர்ந்து உட்காரலை. ஆறு மணிக்குத் தீர்ற மாதிரி போட்டுட்டுப் போனது யாரு? நீதானே!"

உண்மையிலேயே அவர்தான். இரவு 8 மணிக்கு ஏற்றியவர் ஈவினிங் டூட்டி பார்த்த இதே நர்ஸ். எட்டு மணி நேரத்தில் திரும்பி வந்து, தான் ஏற்றிய சிரிஞ்சின் அலாரத்துக்காகத் தானே சண்டை போடுகிறார். அது அவருக்கு நினைவுக்குக்கூட வருவதில்லை. நாலு மணி நேரத் தூக்கத்தில் முதலில் அடிபடுவது இந்த மாதிரிச் சின்ன நினைவுகளும், நாக்கை அடக்கும் சக்தியும்தான். எழுந்த சூட்டோடு மூளை தெளியாது. அரை மணி நேரம் மந்தமாக இருப்பது சாதாரணம், தூக்கம் பற்றாதவருக்கு அது இன்னும் நீளும். நைட் நர்ஸுக்கோ 3 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு மிகவும் இறங்கிக் கிடக்கும் நேரம். ரத்த சாம்பிள் எடுப்பது, சிறுநீர்ப் பை அளப்பது, 24 மணி நேரக் கணக்கைக் கூட்டி எழுதுவது எல்லாம் அந்த நேரத்தில்தான் வந்து குவியும். இந்த இரண்டு பேரையும் அந்த நிமிடத்தில் நேருக்கு நேர் நிறுத்தியது யார்? ரோஸ்டர் போட்டவர். மெமோ வாங்குவது மட்டும் இவர்கள்.

ஃபேக்டரியிலும் இதே கதைதான். பழுது பார்க்க நைட் ஃபிட்டர் தன் பூட்டைப் போட்டு மெஷினை நிறுத்தியிருப்பார். வேலை பாதியில் நிற்க, 6 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். மார்னிங் ஆள் ஃபோன் போட்டால் எடுக்க மாட்டார், தூங்கிக்கொண்டிருப்பார். உற்பத்தி நிற்கும், திட்டு விழும், கடைசியில் யாராவது பூட்டை வெட்டச் சொல்வார்கள். பூட்டு அங்கே தொங்கினால் உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை வெட்டிப் பழகிய இடத்தில் ஒருநாள் ஆள் உள்ளே இருக்கும்போதும் வெட்டுவார்கள். வருகிறவர் தன் பூட்டை முதலில் போட வேண்டும், அதற்குப் பிறகே போகிறவர் தன்னுடையதை எடுக்க வேண்டும். இதற்கு இருவரும் மெஷின் பக்கத்தில் ஒன்றாக நிற்க ஐந்து நிமிடம் வேண்டும். ஷிஃப்ட் 6க்கு முடிந்து 6க்கே தொடங்கினால் அந்த ஐந்து நிமிடம் யார் கணக்கில் வரும்? சம்பளம் தராத நேரத்தில் பொறுமையாக நில் என்றால் யார் நிற்பார்கள்?

"ஸ்டாஃபே இந்த ரோஸ்டரைத்தான் கேட்கிறார்கள்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். பொய்யில்லை, கேட்கத்தான் செய்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டு ஈவினிங், இரண்டு மார்னிங், இரண்டாவது மார்னிங் முடிந்த அன்றே இரவில் தொடங்கி இரண்டு நைட் என்று பின்னோக்கிச் சுற்றினால் ஆறு டூட்டியும் 112 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கி இரண்டிரண்டாகச் சுற்றினால் அதே ஆறு டூட்டிக்கு 144 மணி நேரம். வித்தியாசம் 32 மணி நேரம், அது ஆஃபோடு சேரும். ஊருக்குப் போய்வர, பிள்ளைகள் முகம் பார்க்க அந்த 32 மணி நேரம் வேண்டியிருக்கிறது. அதற்கு விலையாக ஒரே சுற்றில் இரண்டு இடத்தில் எட்டு மணி நேர இடைவெளியை விழுங்குகிறார்கள்: ஈவினிங்கிலிருந்து மார்னிங்குக்கு ஒருமுறை, மார்னிங்கிலிருந்து நைட்டுக்கு ஒருமுறை. ஆஃப் போதுமானதாக இருந்தால் இந்தப் பேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். நைட் முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வருகிற அந்த நாளையே ஆஃப் என்று எழுதுகிற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அது தூங்கித் தீர்க்கிற நாள். அதற்கு மறுநாளிலிருந்துதான் ஆஃப் தொடங்குகிறது.

முன்னோக்கிச் சுற்றும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி நேரம் கிடைக்கிறது. உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஓடுவது என்பதால், தாமதமாகத் தூங்கிப் பழகுவது அதற்கு எளிது, சீக்கிரம் தூங்கிப் பழகுவது கஷ்டம். 1982இலேயே சைஸ்லர் குழுவினர் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு கனிமத் தொழிற்சாலையில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். சுழற்சியை முன்னோக்கித் திருப்பி, வாரம் ஒருமுறை மாறிய ஷிஃப்ட்டை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக்கியதும் தொழிலாளர்களின் திருப்தியும் உற்பத்தியும் கூடின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலை நேரச் சட்டம் 24 மணி நேரத்தில் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு என்கிறது. ஷிஃப்ட் மாறும்போது விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்கு ஈடாகப் பிறகு ஓய்வு கொடுத்தாக வேண்டும். இவ்வளவு தெரிந்த பிறகும் ஈவினிங் பக்கத்தில் மார்னிங் போடுவது அறியாமை இல்லை, அலட்சியம்.

ரோஸ்டர் ஒரே நாளில் மாறாது. அதுவரை வார்டிலேயே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. சிரிஞ்சை ஏற்றும்போதே அது தீரும் மணியைப் போர்டில் எழுதுங்கள், 5.30க்கும் 6.30க்கும் இடையில் தீருமானால் அடுத்த சிரிஞ்சை 4.30க்கே நிரப்பி வைத்துவிடலாம், அல்லது ஏற்றும் நேரத்தையே தள்ளலாம். நைட்டில் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஆளுக்கு 20 நிமிடம் முறை வைத்துக் கண்ணயரட்டும். இன்னொருவர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அலாரம் வைத்தே படுக்க வேண்டும், முக்கால் மணி நேரமானால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து இன்னும் மோசமாகத் தடுமாறுவார்கள். எழுந்த கையோடு மருந்து கலக்கக் கூடாது. இந்த 20 நிமிடத் தூக்கத்தைத் திருட்டுத்தனம் மாதிரி ரவுண்ட்ஸ் வந்து ஃபோட்டோ எடுக்கிற சூப்பர்வைசர்களைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது. தடை செய்தால் யாரும் விழித்திருக்கப் போவதில்லை, நாற்காலியில் தெரியாமல் தூங்கப் போகிறார்கள், அப்போது பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. காபி 2 மணிக்கு மேல் வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், காலைத் தூக்கத்தை அதுவே தின்றுவிடும்.

ஹேண்ட் ஓவரில் குறை கண்டுபிடித்தால் அதை இரண்டாகப் பிரியுங்கள். நோயாளிக்கோ மெஷினுக்கோ இப்போதே ஆபத்து என்றால் உடனே சொல்லி, உடனே சரிசெய்யுங்கள். வாங்கிக்கொள்கிறவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும், அரைத் தூக்கத்தில் தலையாட்டியதை நம்பக் கூடாது. "குப்பைத் தொட்டியைக் காலி பண்ணலை", "எப்பப் பார்த்தாலும் இப்படித்தான்" வகையறாவை நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். இரண்டு பேரும் தூங்கி எழுந்த ஒருநாளில் பேசிக்கொள்ளலாம். பாதி வரிகளைப் பேச வேண்டிய அவசியமே அப்போது இருக்காது.

மேலே இருப்பவர்கள் இனியும் மெமோ அடிப்பதாக இருந்தால் அந்தத் தாளில் மூன்று வரி சேருங்கள்: இவருடைய முந்தைய டூட்டி எத்தனை மணிக்கு முடிந்தது, இந்த டூட்டிக்கு முன் எத்தனை மணி நேர இடைவெளி கொடுத்தோம், கடைசியாக எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தார். மூன்றையும் நிரப்பிய பிறகு, கீழே ரோஸ்டர் போட்டவரின் கையெழுத்தையும் வாங்குங்கள்.