மாஸ்க்கைச் சோதிக்காமல் நிரலைப் பகிராதீர்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். பிக்சல் பிக்சலாகப் படம் உருவாக்கும் மாடல் என்று பகிரப்படும் நிரல்களை எடுத்து ஓட்டிப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப அதே கோளாறு. பின்னால் வரும் பிக்சல்களை மாடலிடமிருந்து மறைக்க வேண்டிய மாஸ்க் ஒழுகுகிறது. எழுதியவர் அதைச் சோதித்த அடையாளமே இல்லை. லாஸ் சரசரவென்று இறங்கும் வரைபடத்தைப் போட்டு, "அருமையாகக் கற்றுக்கொள்கிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். உருவாக்கிய படம் ஒன்றுகூட இருக்காது. எடுத்து ஓட்டுகிறவர், ஏன் எல்லாம் கருப்பாக வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த முறையின் உயிரே மாஸ்க்தான். 2016-இல் வந்த பிக்சல்சிஎன்என் என்ற மாடல், படத்தை மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக ஒரு வரிசையாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பிக்சலையும் அதற்கு முன்னால் வந்தவற்றை மட்டும் வைத்துக் கணிக்க வேண்டும். கையால் எழுதிய இலக்கங்களின் தொகுப்பான எம்னிஸ்ட்டின் 28 × 28 படம் என்றால் 784 கணிப்புகள். பயிற்சியின்போது முழுப் படமும் கையில் இருப்பதால் 784-ஐயும் ஒரே ஓட்டத்தில் கணித்துவிடலாம். புதுப் படம் உருவாக்கும்போது அது முடியாது. ஒரு பிக்சலைத் தேர்ந்து, படத்தில் வைத்து, மறுபடி ஓட்டி, அடுத்ததைத் தேர்ந்து என்று 784 தடவை ஓட்ட வேண்டும். பயிற்சியில் முழுப் படத்தையும் கொடுத்துவிட்டு, "பின்னால் வருவதைப் பார்க்காதே" என்று தடுப்பது ஃபில்டரின் மேல் போடும் மாஸ்க் ஒன்றுதான். அது ஒழுகினால், விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு எழுதச் சொன்ன கதைதான்.

3 × 3 ஃபில்டருக்கு இரண்டு மாஸ்க்குகள்:

```
A        B
1 1 1    1 1 1
1 0 0    1 1 0
0 0 0    0 0 0
```

முதல் லேயருக்கு A. நடுவில் இருப்பது கணிக்க வேண்டிய பிக்சலேதான், அதனால் அங்கே 0. அடுத்த லேயர்களுக்கு B. அங்கே நடுவில் இருப்பது பிக்சல் அல்ல, முந்தைய பிக்சல்களிலிருந்து திரண்ட மதிப்பு, அதனால் 1 இருக்கலாம். முதல் லேயரிலேயே B போட்டால் பிக்சல் தன்னையே பார்த்துவிடும். இது தெரிந்த தவறு, ஓரளவு கண்ணிலும் பட்டுவிடும்.

என்னைக் கொதிக்க வைப்பது இன்னொன்று. மாஸ்க் சரியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் `__init__`-க்குள் ஒரே ஒரு தடவை எடைகளோடு பெருக்கிவிட்டு விட்டுவிடுவார்கள். பூஜ்யமாக்கிய இடங்களுக்கும் கிரேடியன்ட் வந்துகொண்டுதானே இருக்கும்? ஆப்டிமைசர் முதல் அடி வைத்ததுமே அந்தப் பூஜ்யங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். பெருக்கல் ஒவ்வொரு ஓட்டத்திலும் நடக்க வேண்டும்:

```python
def forward(self, x):
    self.weight.data *= self.mask
    return super().forward(x)
```

இரண்டே வரி. இது இல்லாவிட்டால் பயிற்சி ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல் ஓடும், லாஸ் அழகாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்தே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கருப்பு வெள்ளையாக மாற்றிய எம்னிஸ்ட்டில், எதுவும் தெரியாத மாடல் ஒவ்வொரு பிக்சலுக்கும் பாதிக்குப் பாதி என்று சொன்னால் லாஸ் பிக்சலுக்கு 0.69 நேட். அந்த 2016 ஆய்வுக் கட்டுரையில் பிக்சல்சிஎன்என் எட்டியது ஒரு படத்துக்கு 81.30 நேட். 784-ஆல் வகுத்தால் பிக்சலுக்குச் சுமார் 0.104. அதே கட்டுரையின் கனமான எல்எஸ்டிஎம் மாடலே 79.20-இல்தான் நின்றது. அப்படியிருக்க, நாலைந்து லேயர் கொண்ட ஒரு குட்டி மாடல் 0.01-க்கு வந்துவிட்டது என்றால் அது சாதனை அல்ல, ஒழுகல். இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வரைபடம் போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

படம் ஏன் கருப்பாக வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒழுகும் மாடல் கற்றுக்கொண்டது நகலெடுப்பதை மட்டும்தான். உருவாக்கத் தொடங்கும்போது படம் முழுக்க 0. மாடல் அந்த இடத்தில் 0-ஐப் பார்க்கிறது, 0 என்று அடித்துச் சொல்கிறது. அடுத்த பிக்சலிலும் அதேதான். 784 தடவை ஓடிய பிறகு கையில் வெறும் கருப்புச் சதுரம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம்:

```python
net.train()
x = torch.rand(1, 1, 28, 28, requires_grad=True)
net(x)[0, :, 14, 14].sum().backward()
g = x.grad[0, 0].abs()
print(g[14, 14:].max(), g[15:].max())
```

14-ஆம் வரிசை, 14-ஆம் நெடுவரிசையின் கணிப்பை எந்தெந்த உள்ளீட்டுப் பிக்சல் அசைக்கிறது என்று கேட்கிறோம். அந்தப் பிக்சலும் அதற்குப் பின்னால் வருபவையும் துளிகூட அசைக்கக் கூடாது. இரண்டு எண்களும் சரியாக 0 ஆக இருக்க வேண்டும். முக்கியமாக, சில அடிகள் பயிற்சி கொடுத்த பிறகும் இதை ஓட்டுங்கள். புத்தம்புது மாடலில் மட்டும் ஓட்டினால் `__init__` கோளாறு தேறிவிடும், ஏனென்றால் பூஜ்யங்கள் அப்போது இன்னும் நிரம்பியிருக்காது. `net.train()` என்று வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. நடுவில் யாராவது பேட்ச்நார்ம் செருகியிருந்தால், பயிற்சியின்போது அது படம் முழுவதன் சராசரியையும் எடுக்கும். பின்னால் வரும் பிக்சல்களும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும். மாஸ்க் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

அதே `g`-யை முழுதாக அச்சிட்டால் நேர் எதிரான குறையும் தெரியும். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவது. எல்லா லேயரும் 3 × 3 என்றால், ஒரு வரிசை மேலே ஏறும்போது வலப்பக்கம் ஒரு கட்டம்தான் நகர முடியும். ஆக 13-ஆம் வரிசையில் 15-ஆம் நெடுவரிசை வரைதான் எட்டும். 16 முதல் 27 வரையிலான 12 பிக்சல்கள் தெரியாது. அதற்கு மேல் வரிசையில் 11, அப்புறம் 10 என்று 1 வரை குறையும். கூட்டினால் 78. முன்னால் வந்த 406 பிக்சல்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! எத்தனை லேயர் அடுக்கினாலும் இந்தக் குருட்டு இடம் மறையாது. லாஸ் சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான், யாருக்கும் உறைக்காது.

இதற்கான தீர்வும் அதே 2016-இலேயே வந்துவிட்டது. மேல் வரிசைகளை முழுதாகப் பார்க்க ஒரு அடுக்கு, அதே வரிசையின் இடப்பக்கத்தைப் பார்க்க இன்னொன்று. முதலாவதன் விடையை ஒரு வரிசை கீழே தள்ளி இரண்டாவதற்குக் கொடுக்க வேண்டும். இங்கேயும் அந்த ஒரு வரிசைத் தள்ளலை விட்டுவிட்டுப் பகிர்கிறார்கள். முதல் அடுக்கின் ஃபில்டர் தன் வரிசையையும் சேர்த்துப் பார்ப்பதாக எழுதப்பட்டிருந்தால், தள்ளாமல் கொடுத்ததும் வலப்பக்கத்துப் பிக்சல் நேராக உள்ளே வந்துவிடும். லாஸ் மறுபடி "அருமையாக" இறங்கும். மேலே உள்ள சோதனையில் `g[14, 14:]` உடனே காட்டிக்கொடுக்கும்.

பகிர்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தச் சோதனையின் இரண்டு எண்களையும், 784 தடவை ஓட்டி உருவாக்கிய ஒரு படத்தையும் லாஸ் வரைபடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். போட முடியவில்லை என்றால் நிரலை இன்னும் பகிராதீர்கள்.