நாலு கேள்விக்குப் பதில் ஒரு போட்டோ

"டீச்சரே, கணக்கு டீச்சர் ஒரு வாரம் லீவு. நாளைக்கு ஒரு கிளாஸ் டெஸ்ட் போட்டிடுங்க." ஹெச்.எம். இவ்வளவுதான் சொல்வார். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை மார்க்கு, எந்த மாதிரி கேள்வி, எதுவும் இருக்காது. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் வேலை செய்கிற எங்களுக்கு இது அடிக்கடி வரும், ஆள் குறைவு என்பதால்.

சில வருடம் முன்னால் இப்படி வந்தபோது ஏழாம் வகுப்பு என்று நானே நினைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுக் கேள்வித்தாள் ஒன்றை இறக்கி 25 மார்க்குக்குக் கொடுத்துவிட்டேன். வகுப்பு சரிதான். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே தமிழ் என்றாலும் பாடப் புத்தகம் வேறு, பாட வரிசை வேறு. அந்தத் தாளில் இருந்த சதவீதம் எங்கள் வகுப்பில் அப்போது ஆரம்பிக்கவே இல்லை. இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண், விடை எழுத வேண்டிய இடத்தில் கேள்வியையே அழகான கையெழுத்தில் திருப்பி எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளுக்கு நான் பூஜ்யம் போட்டேன். அது அவளுடைய பூஜ்யம் இல்லை, என்னுடையது.

அதனால் இப்போது நாலு கேள்வி கேட்பதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "அந்த வகுப்பில் நன்றாக எழுதுகிற பிள்ளையின் நோட்டில், டீச்சர் கடைசியாகத் திருத்திய பக்கத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் வாட்ஸப்பில் அனுப்புங்க." வகுப்பு, பாடம், கேள்வி வகை மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

போன மாதம் வந்த போட்டோவைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு. பின்னங்களைக் கூட்டுவது, பகுதி வேறு வேறாக இருக்கிற கணக்குகள், சிவப்பு மையில் டிக். அடுத்த பக்கத்தில் கழித்தல் என்று தலைப்பு, ஒரே ஒரு எடுத்துக்காட்டு, திருத்தவில்லை. டெஸ்டின் எல்லை அந்தச் சிவப்பு மைதான். கழித்தலை நான் தொடவில்லை. நோட்டில் செய்து காட்டுகிற கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்தான் இருந்தன. சரியான விடையைத் தேர்ந்தெடு என்பது ஒன்றுகூட இல்லை. சரி, நானும் அதைக் கேட்கவில்லை.

மார்க்கை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, பீரியட் சொல்லிவிடும். எங்கள் பீரியட் 40 நிமிடம். தாள் கொடுத்து வாங்கப் பத்து நிமிடம் போனால் மீதி 30. எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தேர்வே இரண்டரை மணி நேரத்துக்கு 80 மார்க்கு, அதாவது மார்க்குக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அப்படியானால் 30 நிமிடத்தில் 15 மார்க்கு. பழக்கத்தில் 25 என்று போட்டால் பிள்ளைகள் முடிக்க மாட்டார்கள். முடிக்காதது எது, தெரியாதது எது என்று தாளைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஒரு மார்க்கில் நாலு, இரண்டு மார்க்கில் நாலு, மூன்று மார்க்கில் ஒன்று என்று போட்டேன். முதலில் நானே கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்தேன், ஒன்பது நிமிடம். பிள்ளைகளுக்கு அதில் மூன்று மடங்கு வேண்டும், 27. அடங்குகிறது.

ஒரு மார்க்குக் கேள்வியில் ஒன்று: "1/2 + 1/3 என்பது 1/2-ஐ விடப் பெரியதா, சிறியதா?" இரண்டு கேள்வி தள்ளி, அதே கூட்டலைச் செய்யச் சொன்னேன். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுகிற பிள்ளைக்கு 2/5 வரும், அது அரையைவிடக் குறைவு. முதலில் பெரியது என்று எழுதிவிட்டு அப்புறம் 2/5 எழுதியிருந்தால் அளவு புரிந்திருக்கிறது, முறை மட்டும் தப்பு. இரண்டிலுமே தப்பு என்றால் பின்னமே புரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாடத்தைத் திருப்பி நடத்தி என்ன பயன்?

மூன்று மார்க்குக்குப் பால் கணக்கு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற வீடுகள்தானே இங்கே பாதி. ஒரு செம்பில் 3/4 லிட்டர், இன்னொன்றில் 2/3 லிட்டர். இரண்டையும் ஒன்றரை லிட்டர் தூக்கில் ஊற்றினால் வழியுமா? மொத்தம் 17/12, ஒன்றரை என்பது 18/12. வழியாது. பகுதியைச் சமப்படுத்தியதற்கு ஒரு மார்க்கு, கூட்டலுக்கு ஒன்று, ஒப்பிட்டுச் சொன்னதற்கு ஒன்று.

நான் விடாப்பிடியாகச் சொல்வது இன்னொன்று. நாமாக முடிவு செய்தது எல்லாம் தாளின் தலையிலேயே இருக்க வேண்டும். நான் எழுதியது: "ஆறாம் வகுப்பு, பின்னக் கூட்டல் மட்டும், நோட்டில் திருத்திய பக்கம் வரை. கழித்தல் இல்லை. 15 மார்க்கு, 30 நிமிடம்." இது இல்லாவிட்டால் லீவு முடிந்து வருகிற டீச்சர், பிள்ளைகளுக்குக் கழித்தலும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விடுவார்.

அந்த டீச்சர் திங்கட்கிழமை வந்து தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்தார். முறை மட்டும் தப்பிய கட்டு பெரியது. சின்னக் கட்டில் ஆறு தாள். அந்த ஆறு பேரை மட்டும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வராந்தாவில் உட்காரவைத்து, காகிதத்தை மடித்து அரையும் மூன்றில் ஒன்றும் காட்டிக்கொண்டிருந்தார்.