ரெகுலேட்டரை ‘மூடு’ என்று எழுதாதீர்கள்

வெல்டிங், கட்டிங் பட்டறைகளுக்கான சிலிண்டர் பாதுகாப்புத் துண்டறிக்கையைத் தமிழாக்கும்போது பெயர்ச்சொல்லில்தான் எல்லோரும் மல்லுக்கட்டுகிறோம். ‘அழுத்தச் சீராக்கி’யா, ‘அழுத்த ஒழுங்கியா’ என்று அரை நாள் போகும். ரெகுலேட்டர் என்றே எழுதிவிடலாம், யாருக்கும் குழப்பம் வராது. ஆளைக் காயப்படுத்தக்கூடியது அதற்கு அடுத்து வரும் வினைச்சொல்.

சிலிண்டரைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய வேலையை எடுத்துக்கொள்வோம். ரெகுலேட்டரின் முன்னால் இருக்கும் அட்ஜஸ்டிங் ஸ்குரூவைப் பின்னோக்கிக் கழற்றி, ஸ்பிரிங் மேல் சுமை இல்லாமல் செய்ய வேண்டும். மூலத்தில் இது ஒரே வரி. தமிழில் பலரும் இதை ‘ரெகுலேட்டரை மூடிவிட்டு சிலிண்டரைத் திறக்கவும்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். படிக்கச் சரளமாக இருக்கிறது, செய்தால் தலைகீழாகப் போகிறது.

சிலிண்டர் வால்வு, தண்ணீர்க் குழாய் எல்லாமே வலஞ்சுழியாகத் திருப்பினால் மூடும். கைக்கு அதுதான் பழக்கம். ரெகுலேட்டர் ஸ்குரூ நேர்மாறு. வலஞ்சுழியாகத் திருப்பினால் ஸ்பிரிங் அமுங்கும், அது டயாபிரத்தைத் தள்ளும், டயாபிரம் உள்ளே இருக்கும் வால்வை சீட்டிலிருந்து விலக்கித் திறக்கும். ‘மூடு’ என்று படித்தவர் பழக்கத்தில் ஸ்குரூவை இறுக்கினால் ரெகுலேட்டரை முழுதாகத் திறந்து வைத்துவிடுகிறார். அடுத்து சிலிண்டரைத் திறந்ததும் சுமார் 150 பார் அழுத்தம், சில பார் மட்டுமே தாங்கும்படி செய்த வெளியேறும் பக்கத்தில் போய் மோதுகிறது. டயாபிரம் கிழியலாம், வேலை அழுத்தம் காட்டும் கேஜ் சிதறலாம், ஹோஸ் வெடிக்கலாம்.

நான் எழுதச் சொல்வது இப்படி: ‘ரெகுலேட்டர் ஸ்குரூவை லூசாகும் பக்கம் (இடஞ்சுழியாக) திருப்பவும். கையில் பிடிப்பே தெரியாமல் சுழலும்போது நிறுத்தவும்.’ வரி நீளம்தான், இருக்கட்டும். திசையை மட்டும் சொன்னால் போதாது. கை என்ன உணர வேண்டும் என்பதையும் சொன்னால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். ‘தளர்த்தவும்’ என்று மட்டும் எழுதினால் சிலர் ரெகுலேட்டரை சிலிண்டரோடு இணைக்கும் நட்டைத் தளர்த்துவார்கள்.

அடுத்த வரி ‘மெதுவாகத் திறக்கவும்’. முதல் வரியே போதும் என்று இதை அதனோடு சேர்த்துவிடக் கூடாது, இதற்குக் காரணமே வேறு. ஸ்குரூ தளர்ந்திருந்தால் உள் வால்வு மூடியிருக்கும். பாய்ந்து வரும் ஆக்ஸிஜன் அந்த முட்டுச்சந்தில் மோதி ஒரே நொடியில் அமுங்கும், அமுங்கும் வாயு சூடேறும். 1 பாரிலிருந்து 150 பாருக்குத் திடீரென அமுங்கினால், ஏட்டுக் கணக்குப்படி வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தூசித் துகளோ ஒரு சொட்டு கிரீஸோ அங்கே இருந்தால் தீப்பிடிக்க அது போதும், பிறகு ரெகுலேட்டரின் உலோகமே ஆக்ஸிஜனில் எரியத் தொடங்கலாம். ஆகவே ‘மெதுவாக’ என்பதற்கு அளவு வேண்டும்: ‘சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜின் முள் மெல்ல ஏறி நிற்கும் வரை சிறிது சிறிதாகத் திறக்கவும். ரெகுலேட்டருக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நிற்கவும்.’ முள் நின்ற பிறகு ஆக்ஸிஜன் வால்வை முழுதாகத் திறக்கலாம். அசிட்டிலின் வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது. தீ பிடித்தால் சட்டென்று மூட முடிய வேண்டும், ஸ்பிண்டில் கீயையும் வால்விலேயே விட்டு வைக்க வேண்டும்.

தூசி என்றதும் இன்னொரு வினைச்சொல் நினைவுக்கு வருகிறது. ரெகுலேட்டர் மாட்டும் முன் வால்வை ‘கிராக்’ செய்யச் சொல்வார்கள். அகராதியைப் பார்த்து ‘விரிசல் விடச் செய்யவும்’ என்று எழுதினால் சிரிப்பு வரும், பிழைதிருத்துபவர் பிடித்துவிடுவார். ‘வால்வைத் திறந்து சுத்தம் செய்யவும்’ என்று எழுதினால் யாரும் பிடிக்கமாட்டார்கள், அதுதான் எனக்குப் பயம். ஒருவர் துணியால் துடைப்பார், பட்டறைத் துணியில் ஆயில் இருக்கும். சொல்ல வேண்டியது: ‘வால்வை லேசாகத் திறந்து உடனே மூடவும். வால்வின் வாயில் இருக்கும் தூசி ஊதி வெளியேறும். வாய் ஆள் பக்கமோ தீயின் பக்கமோ இருக்கக் கூடாது. ஹைட்ரஜன் சிலிண்டரில் இதைச் செய்யக் கூடாது.’ வெளியேறும் ஹைட்ரஜன் தானே பற்றிக்கொள்ளக்கூடியது என்பதை அங்கேயே ஒரு வரியில் சேர்க்கலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், சிலிண்டரில் மாட்டாத ரெகுலேட்டர் ஒன்றை மேசையில் வைத்து, பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவரிடம் துண்டறிக்கையைக் கொடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல், அவர் வாசித்து முடித்ததும் ஸ்குரூவில் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். வலப்பக்கம் திரும்பினால் அந்த வரியை மாற்றி எழுதிவிட்டு, இன்னும் அதைப் படிக்காத வேறொருவரிடம் கொடுங்கள்.