அந்தப் பெயரை நாங்கள் பிடித்து வைத்திருக்கவில்லை

போன பதிவின் கீழே நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். "கடைக்குப் புதுப் போர்ட், பேஜுக்கு எங்கட அம்மாவின்ர பேர். ரெண்டும் வேணுமோ?" என்று அக்காவின் சிநேகிதியின் தம்பி எழுதியதையும், அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்புகளையும் சொல்கிறேன். அங்கே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

அந்தப் பெயரை நாங்கள் பிடித்து வைத்திருக்கவில்லை. அக்காவும் அவவின் சிநேகிதியும் கோண்டாவிலில் வீட்டுக் குசினியில் மிளகாய் வறுத்துத் தொடங்கிய தொழில் இது. சிநேகிதியின் அம்மாவின் பெயரையும் 'ஸ்பைசஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் இந்தப் பேஸ்புக் பேஜுக்குப் பெயர் வைத்தார்கள். பிரிந்தபோது இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். பெயர் சிநேகிதிக்கு, பேஜும் வட்ஸ்அப் இலக்கமும் அக்காவுக்கு என்று முடிவானது. அவ அன்றைக்கே அட்மினிலிருந்து தன்னை நீக்கிக்கொண்டு போய்விட்டா. அவவில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் கையில் இருந்த எல்லாவற்றையும் மாற்றினோம். பிரதேச செயலகத்தில் புதிய வியாபாரப் பெயரைப் பதிந்து சான்றிதழ் எடுத்தோம். அதைக் கொண்டுபோய் வங்கியில் புதிய பெயரில் கணக்குத் திறந்தோம். ஒடியல்மா பக்கற்றுக்கும் தூள் பக்கற்றுக்கும் புது லேபல் அடித்தோம். போர்டும் மாறியது. இன்ஸ்டாகிராமில் காட்டும் பெயரை 14 நாட்களுக்குள் இரண்டு தடவை மாற்றலாம், அதுவும் சுணக்கமில்லாமல் மாறியது. மாறாமல் நின்றது இந்தப் பேஜின் பெயர் ஒன்றுதான்.

பேஜின் பெயரை மாற்றுவது வெளியே இருந்து பார்க்கச் சின்ன வேலை. செட்டிங்கில் போய்ப் புதுப் பெயரை அடித்து, கடவுச்சொல்லைக் கொடுத்து அனுப்பினால் சரி. ஆனால் அனுப்பியதும் அது மாறுவதில்லை, பரிசீலனைக்குப் போகிறது. 3 நாட்கள் வரை ஆகலாம் என்று தளமே சொல்லுகிறது. எங்களுக்கு வந்தது 'ஏற்கப்படவில்லை' என்ற பதில். புதிய பெயர் பேஜின் பொருளைப் பெரிதாக மாற்றக் கூடாது, பார்ப்பவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்ற பொதுவான விதியைக் காட்டுகிறார்கள். எங்கள் பெயரில் எந்தச் சொல் பிழை, எதை மாற்றினால் சரிவரும் என்று ஒரு வரியும் இல்லை. திரும்ப அனுப்பினோம், திரும்பவும் காத்திருந்தோம்.

எனக்கு வலிக்கிற இடம் இதுதான். அந்தப் படிவத்தில் சான்றிதழைக் காட்ட ஒரு இடம் இல்லை. அரசாங்கம் பதிந்து தந்த காகிதம், வங்கி ஏற்றுக்கொண்ட காகிதம் கையில் இருக்கிறது. பெயரை அடிக்க ஒரு பெட்டி இருக்கிறது, காகிதத்தை இணைக்க ஒரு பெட்டி இல்லை. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்போம்.

"இலவசமாகத் தந்த பேஜ்தானே, இதற்கு ஏன் இவ்வளவு கத்தல்" என்று ஒரு அண்ணா இன்பொக்ஸில் கேட்டிருந்தார். அண்ணா, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்காவின் கார்டிலிருந்து விளம்பரத்துக்கு டொலரில் காசு போயிருக்கிறது. அதை விடுங்கோ. அந்தப் பேஜில் இருப்பது பெயர் மட்டுமில்லை. ரொறன்ரோவில் இருக்கிற ஒரு அம்மா, "என்ர மாமி வறுக்கிற வாசம்" என்று எழுதிய ரிவியூ அங்கேதான் இருக்கிறது. அதை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

"அப்ப புதுப் பேஜ் திறக்கலாமே, பிறகு இரண்டையும் மெர்ஜ் பண்ணலாமே" என்று சிலர் சுலபமாகச் சொல்லுகிறார்கள். விதியை வாசித்துவிட்டுச் சொல்லுங்கோ. இரண்டு பேஜை இணைக்க வேண்டுமென்றால் இரண்டின் பெயரும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும். எங்கள் பிரச்சினையே பெயர் ஒத்துவராததுதான். அதோடு, இணைத்தால் பின்தொடர்பவர்கள் வந்து சேருவார்களே தவிர, எடுபடுகிற பேஜின் பதிவுகளும் படங்களும் ரிவியூக்களும் அழிந்துபோகும். அந்த அம்மாவின் வரியும் போகும். அக்கா அதுக்கு ஒருநாளும் சம்மதிக்கமாட்டா.

பெயர் மாறும் வரைக்கும் சும்மா இருக்கவில்லை. கவர் படமும் புரொபைல் படமும் அறிமுக வரியும் பரிசீலனை இல்லாமல் உடனே மாறும். அவற்றை மாற்றினோம், பெயர் மாறுகிறது என்ற அறிவித்தலைப் பேஜின் உச்சியில் பின் பண்ணினோம். அதனால் நிலைமை மோசமாகியது. படத்தில் ஒரு பெயர், அதற்குக் கீழே எழுத்தில் வேறு பெயர், காசு போடச் சொல்லுகிற வங்கிக் கணக்கில் படத்திலுள்ள பெயர். களவாகப் பேஜைப் பிடித்தவன் செய்கிற வேலையும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். பழைய வாடிக்கையாளர் ஒருவர் குரல்பதிவு அனுப்பினார்: "பிள்ளை, இது நீங்கள்தானோ, இல்லாட்டி ஆரும் ஹாக் பண்ணிப்போட்டாங்களோ? காசு போடப் பயமாக் கிடக்கு." அவர் பயந்தது நியாயம். யாராக இருந்தாலும் பயப்படத்தான் வேண்டும். ஆட்களை ஏமாற்றாமல் இருக்க வைத்த விதி, நேர்மையாகப் பெயர் மாற்றினவளை ஏமாற்றுக்காரி மாதிரிக் காட்டி விட்டது.

விதி எதற்கு என்று எனக்கு விளங்காமல் இல்லை. பூனைக்குட்டிப் படம் போட்டு இலட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்துவிட்டு, பேஜை விற்று, வாங்கினவன் பெயரை மாற்றி வேறு சரக்குப் பரப்புகிற வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு வேறொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பேஜ் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்று யாரும் பார்க்கலாம். 2018 யூனிலேயே அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். பேஜின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் போய்ப் பாருங்கள், இருக்கும். பழைய பெயர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கப்பட்டிருக்கும்போது, சான்றிதழோடு வருகிற சின்னக் கடையைக் கதவிலேயே மறித்து வைத்து என்ன காப்பாற்றுகிறார்கள்?

கடைசியில் வழி சொன்னது சுன்னாகத்தில் தையற்கடை வைத்திருக்கிற ஒரு தங்கச்சி. அவளும் இதில் மாட்டுப்பட்டவள். ஒரேயடியாக எல்லாச் சொல்லையும் மாற்றாமல் இரண்டு படியாக மாற்றுங்கோ அக்கா என்றாள். நாங்கள் 'ஸ்பைசஸ்' என்பதை அப்படியே விட்டு, முன்னால் இருந்த பெயரை எடுத்து, புதிய பெயரின் முதற்சொல்லைப் போட்டு அனுப்பினோம். அது ஏற்கப்பட்டது. பழைய பெயரோடு ஒரு சொல் பொதுவாக இருந்தது உதவியிருக்க வேண்டும். எல்லோருக்கும் இப்படிச் சரிவரும் என்று நான் பொறுப்பேற்கமாட்டேன்.

ஒருமுறை மாறினால் 7 நாட்களுக்குத் திரும்பவும் மாற்ற முடியாது. அந்தத் தங்கச்சிக்கு ஒரு எழுத்துப் பிழையோடு பெயர் ஏறிவிட்டது. அந்த நாட்கள் முழுக்க அந்தப் பிழையோடுதான் பேஜ் நின்றது, நடுவில் திருத்த இடமில்லை. அதனால் அனுப்ப முதல் பெயரை இன்னொரு ஆளுக்கு வாசிக்கக் கொடுங்கோ. ஒரு புள்ளியையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கோ.

இன்னொன்று, பேஜின் பெயர் வேறு, @ குறியோடு வருகிற யூசர்நேம் வேறு. பெயர் மாறினாலும் யூசர்நேம் தானாக மாறாது. அதை மாற்றினால் பழைய இணைப்பு வேலை செய்யாது. எங்கள் பழைய லேபலில் இருந்த கியூஆர் குறி பழைய முகவரிக்குத்தான் போகும். லண்டனில் யாரோ ஒருவரின் அலுமாரியில் அந்தப் பக்கற் இன்னும் இருக்கும். அவர் அதை ஸ்கான் பண்ணினால் ஒன்றும் வராது. அதனால் யூசர்நேமைக் கொஞ்ச நாளுக்குத் தொடவில்லை. தம்பி, நீங்கள் சிரித்துக் காட்டிய ஸ்கிரீன்ஷொட்டில் உங்கள் அம்மாவின் பெயர் இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதுக்குக் காரணம் பேராசை இல்லை.

சரி, இப்போது உங்களோடு நேரே கதைக்கிறேன், தம்பி. உங்கள் அக்கா அம்மாவின் பெயரில் புதிதாகத் தொடங்கப் பேஜ் திறக்க நினைக்கிறா என்று தெரியும். எங்கள் பேஜ் பழைய பெயரில் நின்றதால் இடைஞ்சல் அவவுக்கும்தான். இரண்டு பேஜ் ஒரே பெயரில் நின்றால் ஆட்கள் எதற்கு எழுதுவார்கள்? எங்கட அக்கா இதை நினைத்து நித்திரை கொள்ளாமல் கிடந்தவ. நீங்கள் ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். எங்கள் வாசலுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிள்ளை நீங்கள். அதை விட்டுவிட்டு, ஊர் பார்க்க எழுதினீர்கள்.

ஊரும் பார்த்துக்கொண்டே நின்றது. இரண்டு பெண்கள் தொழிலைப் பிரித்தால் சண்டை பிடித்துத்தான் பிரிந்திருப்பார்கள் என்று நம்ப எங்கட ஆட்களுக்கு அவ்வளவு ஆசை. இரண்டு ஆம்பிளைகள் லொறி வியாபாரத்தைப் பிரித்திருந்தால் பேஜில் எந்தப் பெயர் நிற்கிறது என்று ஆராவது எட்டிப் பார்த்திருப்பார்களா? "காசுக்காகச் சிநேகிதியின் தாயின் பெயரையும் விடமாட்டாள்" என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தா. அவ மாதம் தவறாமல் எங்களிடம் தூள் வாங்குகிறவ. அவவுக்கு நாங்கள் விளங்கப்படுத்தியும் இருந்தோம்.

"உங்களுக்குத் தனி இணையத்தளம் இருந்தால் இந்தப் பாடு வராதே" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இருக்கலாம். எங்கள் வாடிக்கையாளர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், அதனால் நாங்களும் இங்கே இருக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு அதற்கும் ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேண்டாம். முழுப் பெயரும் மாறிய பிறகும் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் பழைய பெயர் நிற்கும். அதை எங்களால் அழிக்க முடியாது, யாராலும் முடியாது. அழிக்க முடிந்தாலும் அழிக்கமாட்டோம். தொடங்கினது இரண்டு பேரும்தான், அது அப்படியே எழுதப்பட்டிருக்கட்டும்.

இரண்டாவது படி விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டோம், பரிசீலனையில் கிடக்கிறது. வியாபாரப் பதிவுச் சான்றிதழின் படத்தை முகவரியை மறைத்து முதல் கொமென்ற்றில் போட்டிருக்கிறேன். வங்கிக் கணக்கில் அந்தப் பெயர்தான் இருக்கும், சரிபார்த்துவிட்டுக் காசு போடுங்கள். சந்தேகம் என்றால் பழைய வட்ஸ்அப் இலக்கத்துக்கே எடுங்கள், அக்காவே எடுப்பா.